அலகுக் குழப்பமா, அலகு மாறாட்டமா? மைல், கிலோமீட்டராகப் பதிவான ஒரு பயணக் கணக்கு

நிலா:

எல்லோருக்கும் வணக்கம். பெட்ரோல் கணக்கு எழுதி வைக்கும் செயலியின் தமிழாக்கம் முடியப்போகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை வரிக்குத்தான் சொல் அமையவில்லை. பயனர் உள்ளிட்ட தூரம் கிலோமீட்டர் அல்ல, மைலாக இருக்கலாம் என்று செயலிக்குச் சந்தேகம் வந்தால், அந்த வரிசைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னச் சீட்டு தோன்றும். அதில் இரண்டு சொல்லுக்கு மேல் இடமில்லை. தற்காலிகமாக "அலகுக் குழப்பம்" என்று போட்டிருக்கிறேன்.

சொல்லை மட்டும் தனியாக வைத்துப் பேசினால் பிடிபடாது என்பதால், சோதனைக்கு அனுமதியோடு கிடைத்த ஒரு பதிவைத் தருகிறேன். ஒரு குடும்பம் டொராண்டோவிலிருந்து நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் காரில் போயிருக்கிறது. டொராண்டோவில் டாங்க் முழுதும் நிரப்பிக் கிளம்பி, பஃபலோவில் மறுபடி நிரப்பியபோது 172 கி.மீ., 13.6 லிட்டர். எடிசனில் நிரப்பியபோது தூரம் 390, பெட்ரோல் 13.1 கேலன், அதாவது 49.6 லிட்டர். கேலனைச் சரியாகவே லிட்டராக்கிப் போட்டிருக்கிறார்கள். முதல் வரிசை லிட்டருக்கு 12.6 என்று வருகிறது, இரண்டாவது 7.9. "காரில் ஏதோ கோளாறு, மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்" என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சேவியர்:

இது கேலன் பிரச்சினைதான். நான் லண்டனில் இருக்கிறேன், எனக்கு இது பழகிப்போனது. எங்கள் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785. இங்கே கேலனுக்கு 40 மைல் ஓடும் என்று விளம்பரப்படுத்தும் அதே கார் அமெரிக்கக் கணக்கில் 33 மைல்தான் ஓடும். அவர்கள் எந்தக் கேலனைப் பயன்படுத்தினார்கள் என்று முதலில் கேளுங்கள். சொல்லுக்கு என் யோசனை "கேலன் பிழை".

குணா:

சேவியர் சொல்லும் வித்தியாசம் உண்மை, ஆனால் இந்தக் கணக்கில் அது இல்லை. 13.1 கேலனை 3.785-ஆல் பெருக்கினால் 49.6 வருகிறது, சரிதான். ஒருவேளை 4.546 போட்டிருந்தாலும் விடை 1.2 மடங்குதான் தள்ளிப் போயிருக்கும். இங்கே 12.6-ஐ 7.9-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.6 வருகிறது. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர்.

நான் இங்கே டொராண்டோவில் ஒரு லொறிக் கம்பனிக்கு எரிபொருள் வரிக் கணக்குப் பார்க்கிறேன். எல்லை தாண்டும் லொறிகளுக்கு இஃப்டா என்றொரு உடன்படிக்கை இருக்கிறது. எந்த மாகாணத்தில் எவ்வளவு ஓடியது, எங்கே எவ்வளவு எண்ணெய் அடித்தது என்று காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் பதிந்த நாங்கள் கிலோமீட்டரிலும் லிட்டரிலும் கொடுக்கிறோம். ஓட்டுநர் கொண்டு வரும் ரசீது கேலனில் இருக்கும். பெரும்பாலும் கேலனை யாரும் கோட்டை விடுவதில்லை, ஏனென்றால் அது ரசீதிலேயே அச்சாகி இருக்கிறது. தூரத்தைத்தான் விடுவார்கள். பயண மீட்டரைப் பார்த்து எழுதும்போது எண் மட்டும்தான் கண்ணில் படும், பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகு படாது.

இந்தக் குடும்பத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். எல்லைப் பாலம் தாண்டியதும் வேக எல்லைப் பலகை எல்லாம் மைலில் வரும். அதற்காகப் பஃபலோவில் நிரப்பிய பிறகு காரின் திரையை மைலுக்கு மாற்றியிருப்பார்கள். பல கார்களில் அப்படி மாற்றினால் வேகம் மட்டும் அல்ல, பயண மீட்டரும் சேர்ந்து மாறிவிடும். பஃபலோவில் பூச்சியமாக்கிய மீட்டர் எடிசனில் 390 காட்டியது மைலில். பதிவேட்டின் தலைப்பில் கி.மீ. என்று இருந்ததால் 390 கிலோமீட்டராகி விட்டது.

இதை ஊகமாக விட வேண்டாம். இரண்டு பெட்ரோல் ரசீதிலும் நேரம் இருக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள். 390 கிலோமீட்டர் என்றால் நெடுஞ்சாலையில் நாலு மணி நேரம். மைல் என்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது.

நிலா:

கேட்டேன். பஃபலோ ரசீதில் காலை 9:10, எடிசன் ரசீதில் மாலை 4:25. நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் நிறுத்தியிருக்கிறார்கள். திரையை மைலுக்கு மாற்றியதும் உண்மைதான்.

பிரபு:

ஒரு சந்தேகம். அவர்கள் எடிசனில் கொடுத்த பணம் கேலனுக்கு 3.20 டாலர் வீதம் 41.92 டாலர். இது ரசீதில் இருப்பது, மைல் கிலோமீட்டர் எதுவானாலும் மாறாது. அப்புறம், திரும்பி வர எவ்வளவு ஆகும் என்று நான் போட்டுப் பார்த்தேன். 41.92-ஐ 390-ஆல் வகுத்தால் 10.75 சென்ட். வரைபடத்தில் டொராண்டோ வரை 497 என்று காட்டுகிறது. பெருக்கினால் 53.4 டாலர், நியாயமாகத்தானே இருக்கிறது? இதில் பிழை எங்கே? பேசாமல் அந்த எச்சரிக்கையையே எடுத்துவிடலாம். என் பைக்கெல்லாம் லிட்டருக்கு 45 கொடுக்கிறது, இதையெல்லாம் நான் பார்ப்பதே இல்லை.

குணா:

பிரபு, உங்கள் 53.4 சரி. ஆனால் அது சரியானது எப்படி என்று பாருங்கள். உங்கள் வரைபடம் 497 மைல் என்று காட்டியிருக்கிறது. 10.75 சென்ட் என்பதும் உண்மையில் ஒரு மைலுக்கான செலவு. இரண்டு பக்கமும் மைல் என்பதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு விடை தப்பித்தது. செயலி அப்படிச் செய்யாது. அது 10.75-ஐக் கிலோமீட்டருக்கு என்று நம்பி, 800 கிலோமீட்டரால் பெருக்கி 86 டாலர் என்று சொல்லும். உண்மைச் செலவு கிலோமீட்டருக்கு 6.68 சென்ட்தான். நண்பர்களோடு செலவைப் பங்கு போடுகிறவர்களுக்கு இந்த 86-க்கும் 53-க்கும் உள்ள இடைவெளி சண்டையில்தான் முடியும்.

நீங்கள் சொன்ன முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். செலவான பணத்தின் கூட்டுத்தொகை இந்தப் பிழையால் கெடுவதில்லை. தூரத்தால் வகுத்த எண்களும், அவற்றை வைத்துப் போடும் முன்மதிப்பும்தான் கெடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில்தான் எங்கள் அலுவலகத்தில் பலரும் வழுக்குவார்கள். சராசரியைப் பார்த்துப் பிழை தேடாதீர்கள். இந்தப் பதிவில் மொத்தத் தூரம் 172 + 390 = 562 என்று நிற்கிறது. 63.2 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 8.9. வழக்கமான 12.6-ஐ இதால் வகுத்தால் 1.42. மைலின் அடையாளமான 1.6 காணாமல் போய்விட்டது. 1.42-ஐப் பார்க்கிறவர் குளிர், கூரைப் பெட்டி, காற்று என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். பிழையைக் கண்டுபிடித்தவர்களும் அவசரத்தில் 562-ஐ முழுதாக 1.609-ஆல் பெருக்கி 904 கிலோமீட்டர் ஆக்கிவிடுவதுண்டு. பஃபலோ வரைக்குமான 172 ஏற்கெனவே கிலோமீட்டர். இரண்டாம் வரிசையை மட்டும் 628 ஆக்கினால் மொத்தம் 800 வரும், லிட்டருக்கு 12.66 கிடைக்கும். காருக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு நிரப்பலையும் தனித்தனியாகச் சோதியுங்கள்:

```
r = usual_kmpl / this_kmpl
if 1.55 < r < 1.66: warn()    # km இடத்தில் mi
if 0.60 < r < 0.645: warn()   # mi இடத்தில் km
```

முருகேசன்:

கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், சொல்லுக்கு வருகிறேன். "குழப்பம்" வேண்டாம். அது பயனரைக் குழம்பியவர் என்கிறது. நம்மிடம் இதற்கு இலக்கணமே இருக்கிறது. திணை, பால், இடம் முதலான ஏழும் மயங்கினால் வழு என்கிறது நன்னூல். உயர்திணை எழுவாய்க்கு அஃறிணைப் பயனிலை வந்தால் திணை வழு. கிலோமீட்டர் நிற்க வேண்டிய இடத்தில் மைல் நின்றால் அது அலகு வழு. இரண்டே சொல், சீட்டிலும் அடங்கும்.

நிலா:

ஐயா, பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினித் தமிழில் "வழு" என்ற சொல்லை மென்பொருள் கோளாறுக்கு எடுத்துக்கொண்டு விட்டோம். செயலியில் "அலகு வழு" என்று சிவப்பில் வந்தால் செயலியில்தான் கோளாறு என்று எங்களுக்குப் புகார் எழுதுவார்கள்.

முருகேசன்:

அப்படியானால் "அலகு மயக்கம்". வழுவுக்கு முந்தைய நிலை அதுதானே?

பிரபு:

கார் ஓட்டுகிறவர் திரையில் "மயக்கம்" என்று வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போகிறார்கள் ஐயா. "அலகுக் கலப்பு" என்று வைக்கலாமே?

குணா:

பெட்ரோல் செயலியில் "கலப்பு" என்று போட்டால் எல்லோரும் பங்க்கில் கலப்படம் செய்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். அதுவும் இந்தப் பதிவில் பெட்ரோல் அதிகம் குடித்ததாகத் தெரிகிறது, சந்தேகம் உறுதியாகிவிடும்.

நான் ஒன்று சொல்கிறேன்: "அலகு மாறாட்டம்". ஆள்மாறாட்டத்தில் இருக்கும் அதே மாறாட்டம். 390 என்ற எண்ணில் ஒரு தப்பும் இல்லை. மைல் வந்து கிலோமீட்டரின் நாற்காலியில் அதன் பெயரைச் சொல்லி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் வேலையிலும் எண்ணைத் திருத்துவதில்லை, அது யார் என்று விசாரித்து உரிய பெருக்கலைத்தான் செய்கிறோம்.

முருகேசன்:

மாறாட்டத்தை ஒப்புக்கொள்கிறேன். பழகிய சொல், பழியும் பயனர் மேல் விழவில்லை.

சேவியர்:

நல்ல சொல். அப்படியானால் என் கேலன் விவகாரத்தையும் இதே சீட்டு பிடிக்குமா? அதுவும் மாறாட்டம்தானே?

குணா:

சொல் பொருந்தும், சோதனை பிடிக்காது. 1.2 மடங்கு வித்தியாசம் நகர ஓட்டத்துக்கும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கும் இடையில் சாதாரணமாகவே வரும். அதற்கெல்லாம் சீட்டு காட்டினால் வாரம் ஒன்று வரும், ஒருவரும் மதிக்க மாட்டார்கள். கேலனுக்கு ரசீதைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

1.6-லும் தவறான எச்சரிக்கை வரலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை டாங்கை முழுதாக நிரப்பாமல் விட்டால் அந்த நிரப்பலில் மைலேஜ் ஏறித் தெரியும், அடுத்ததில் இறங்கித் தெரியும். அந்த இறக்கம் தற்செயலாக 1.6 ஆகலாம். பக்கத்துப் பக்கத்து நிரப்பல் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பாதி நிரப்பல் என்றால் கூட்டினால் 12.6-க்குத் திரும்பிவிடும், மாறாட்டம் என்றால் திரும்பாது.

பிரபு:

எல்லாம் சரி, "மைலேஜ்" என்ற தலைப்புதான் மூல காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரிலேயே மைலை வைத்துக்கொண்டு கிலோமீட்டர் கேட்டால்? "எரிபொருள் திறன்" என்று மாற்றலாம்.

நிலா:

இந்தப் பதிவில் தலைப்பு "தூரம் (கி.மீ.)" என்றுதான் இருந்தது பிரபு, அப்படியும் நடந்தது. தமிழ்நாட்டில் "என்ன மைலேஜ் கொடுக்கிறது?" என்று கேட்கிற யாரும் மைலை நினைப்பதில்லை. அதை இப்போதைக்குத் தொடவில்லை.

சீட்டுக்கு "அலகு மாறாட்டம்?" என்று கேள்விக்குறியோடு போடுகிறேன், செயலிக்கு இருப்பது சந்தேகம் மட்டும்தான் என்பதால். ஒரு சிக்கல் பாக்கி. அமைப்புகள் பக்கத்தில் "அலகு மாற்றம்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சிறிய திரையில் மாற்றமும் மாறாட்டமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பொத்தானை "அலகைத் தேர்ந்தெடு" என்று மாற்றலாமா, அல்லது அங்கேயும் வேறு சொல் தேட வேண்டுமா? வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

முருகேசன்:

பொத்தானுக்குத் "தேர்ந்தெடு" போதாது அம்மா. பழைய பதிவுகளின் எண்களையும் சேர்த்து மாற்றுமா, இனி வருவதற்கு மட்டுமா என்பது தெரியாமல் நான் சொல் தர மாட்டேன்.