அட்டையின் முதுகில் இருந்த GO/DRUGS: மாத்திரை எந்த நாட்டில் செய்தது என்று தேடிய கதை

கலா, பட்டர்வொர்த்

அம்மாவுக்குப் பத்து வருஷமாக இரத்த அழுத்தம். மாதம் ஒரு முறை வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் வாங்குவோம். போன மாதம் கொடுத்த அட்டை வேறு மாதிரி இருந்தது. மருந்தின் பெயர் அதேதான், ஆனால் அட்டையில் ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் பெயர். கிளினிக்கில் பெட்டியைத் தருவதில்லை, தெரிந்ததுதானே. அட்டையை வெட்டி, பெயர் எழுதிய பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்கள். அதன் முதுகில் கோட் நம்பர் என்று போட்டு GO/DRUGS/ என்று ஆரம்பித்து, அப்புறம் சில எண்கள்.

என் மைத்துனர் பார்த்ததும் சொன்னார்: "GO என்றால் கவர்மெண்ட். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மருந்தை வெளியே விற்கிறார்கள்." அம்மா அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு நாள் கழித்து எனக்குத் தெரிந்தபோது வீட்டு மெஷினில் மேல் எண் 168. உடனே கிளினிக்கைக் கூப்பிட்டு, அவர்கள் சொன்னபடி மறுபடியும் ஆரம்பித்தோம். இப்போது என் கேள்வி இதுதான்: மருந்தில் இருக்கும் இந்த எண்களை வைத்து அது எந்த நாட்டில் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? யாருக்காவது அனுபவம் இருக்கிறதா?

மணியம், செந்தூல்

சுலபம் சகோதரி. பார்கோட்டின் முதல் மூன்று எண்ணைப் பாருங்கள். 955 என்றால் மலேசியா, 890 என்றால் இந்தியா, 885 என்றால் தாய்லாந்து. நான் பிஸ்கட் டின் முதல் மருந்து வரை இப்படித்தான் பார்க்கிறேன். ஒரு தடவையும் தப்பியதில்லை.

ராஜா அண்ணன், ஜார்ஜ்டவுன்

வணக்கம். முப்பது வருஷம் பார்மசியில் இருந்தவன், இப்போது ஓய்வு. முதலில் கலாவுக்கு: மைத்துனர் சொன்னது தப்பு. அந்த GO கவர்மெண்ட் இல்லை, கோவா.

இந்தியாவில் மருந்து செய்ய லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநிலம். அங்கே உள்ளூரில் விற்கும் மருந்தில் செய்தவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் எண் எல்லாம் போட வேண்டும். ஏற்றுமதிக்கு மட்டும் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு இந்திய மருந்து விதிகளில் 94-ஆம் விதி. வெளிநாட்டில் வாங்குகிறவர், "செய்தவர் பெயர் லேபிளில் வேண்டாம்" என்று கேட்டால், பெயருக்குப் பதிலாக அதிகாரிகள் அங்கீகரித்த ஒரு கோட் எண்ணைப் போடலாம். கோவாவிலிருந்து வருவது GO/DRUGS/, தமிழ்நாட்டிலிருந்து வருவது TN/DRUGS/. சாய்கோடுகளுக்கு நடுவில் DRUGS என்ற சொல்லைப் பார்த்தால், பெரும்பாலும் அது இந்தியாவில் செய்து ஏற்றுமதியான சரக்குதான்.

வாங்குகிறவருக்கு ஏன் அப்படி ஆசை என்றால், அவர் தன் பெயரில் விற்கிறார். யாரிடம் செய்யச் சொல்கிறார் என்பது போட்டியாளர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறார். வியாபாரம். அதனால் அந்தக் கோடைப் பார்த்ததும் போலி என்று நினைக்கத் தேவையில்லை.

மணியம், பார்கோட் விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். அந்த மூன்று எண், கம்பெனி எந்த நாட்டு அமைப்பில் பதிந்து எண் வாங்கியது என்பதைத்தான் சொல்லும். இங்கே பதிந்த கம்பெனி கோவாவில் செய்ய வைத்து, 955 போட்ட பெட்டியில் அடைத்து விற்றாலும் எண்ணில் தப்பில்லை. பிஸ்கட்டில் உங்களுக்குத் தப்பாமல் போனதற்குக் காரணம், உள்ளூர் பிஸ்கட்டை உள்ளூரிலேயே செய்கிறார்கள், அவ்வளவுதான்.

மணியம், செந்தூல்

சரி அண்ணே. ஆனால் 890 போட்ட எல்லாமே இந்தியாவில் செய்ததாகத்தான் இருந்தது. நான் பார்த்த வரைக்கும்.

பரிமளா, கிள்ளான்

என் வீட்டில் எல்லாரும் சைவம். காப்ஸ்யூலின் மேலே இருக்கும் அந்த ஜெலட்டின் மாட்டிலிருந்து வருகிறதா, எதிலிருந்து வருகிறது என்று எந்த எண்ணில் பார்ப்பது? இந்தியச் சாமான்களில் பச்சைப் புள்ளி இருக்கும், மருந்தில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

ராஜா அண்ணன், ஜார்ஜ்டவுன்

பரிமளா, இந்த எண்கள் எதுவும் அதைச் சொல்லாது. பெட்டியை வாங்கி, ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பார்மசிஸ்டைக் கேளுங்கள்.

கலாவின் கேள்விக்கே வருகிறேன். அந்த அட்டையில் MAL என்று ஆரம்பிக்கும் மலேசியப் பதிவு எண் ஏதாவது இருக்கிறதா?

கலா, பட்டர்வொர்த்

அண்ணன், தேடிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் MA என்று மட்டும் இருக்கிறது, மிச்சத்தைக் கத்தரிக்கோல் தின்றுவிட்டது. லாட் எண்ணும் காலாவதித் தேதியும் இல்லை.

ராஜா அண்ணன், ஜார்ஜ்டவுன்

நினைத்தேன். லாட் எண்ணையும் தேதியையும் அட்டையின் ஒரு நுனியில்தான் அழுத்திப் பதிப்பார்கள். பத்து மாத்திரை அட்டையை நாலு, ஆறு என்று வெட்டினால் அந்த நுனி ஒருவருக்குப் போகும், அடுத்தவருக்கு ஒன்றுமில்லை. நாளைக்கு ஒரு லாட்டைத் திரும்பப் பெறச் சொன்னால், உங்கள் கையில் இருப்பது அதில் சேர்ந்ததா என்று நீங்களே பார்க்க வழியில்லை. எனக்கு இதுதான் கோபம், மாத்திரை எந்த ஊரில் செய்தது என்பதில்லை.

கிளினிக்கில் போய்ப் பெட்டியைக் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், "அம்மா பார்க்க ஆசைப்படுகிறார்" என்று சொல்லுங்கள். பெட்டியில் மூன்றைப் படம் எடுங்கள்: MAL எண், பதிவு வைத்திருப்பவரின் பெயர், செய்தவரின் பெயர். பின்னது இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம், அதில்தான் ஜனங்கள் குழம்புகிறார்கள். அப்புறம் மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ-வின் QUEST3+ தளத்தில் MAL எண்ணை அடித்துப் பாருங்கள்.

MAL எண் மலேசியாவில் பதிவானது என்றுதான் சொல்லும், மலேசியாவில் செய்தது என்று சொல்லாது. எட்டு எண்களுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் கொஞ்சம் செய்தி உண்டு. A என்றால் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய, சட்டத்தில் நச்சுப் பட்டியல் என்று சொல்லும் பட்டியலில் உள்ள மருந்து, X என்றால் அந்தப் பட்டியலில் இல்லாதது, T பாரம்பரிய மருந்து. அதன்பின் C வந்தால் பதிவுக்காரர் வேறொருவரை வைத்துச் செய்யச் சொல்கிறார். R வந்தால் மொத்தமாக வந்ததை மறுபடி அடைத்தது. S வந்தால் அதே மருந்தின் இரண்டாவது ஆலை. நாட்டைச் சொல்லும் எழுத்து மட்டும் கிடையாது.

சாந்தி, நிபோங் திபால்

லாட் எண்ணைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, லாட் எண் I-யில் ஆரம்பித்தால் இந்தியா, C என்றால் சைனா என்று சொல்கிறார். உண்மையா?

ராஜா அண்ணன், ஜார்ஜ்டவுன்

இல்லை. அது ஒவ்வொரு கம்பெனியும் தனக்காக வைத்துக்கொள்ளும் எண். சிலர் ஆலைக்கு ஓர் எழுத்து வைப்பார்கள், சிலர் வருஷத்துக்கு, சிலர் வெறும் வரிசை எண் போடுவார்கள். உள்ளே இருப்பவருக்குத்தான் சாவி. அக்கா பார்த்த ஒரு கம்பெனிக்கு அது பொருந்தியிருக்கலாம்.

குணா, ஆயர் ஈத்தாம்

என் கதையைச் சொல்கிறேன். ஹாட்யாய் போகும்போதெல்லாம் அப்பாவுக்கு வலி மாத்திரை வாங்கி வருவேன். ஒரு தடவை பெட்டியில் 1A 234/45 என்ற மாதிரி ஓர் எண் இருந்தது. அந்த 45-ஐக் காலாவதி வருஷம் 2045 என்று நினைத்து, நல்ல பொருள் என்று அப்பாவிடம் பெருமையடித்தேன்! உண்மையான காலாவதித் தேதி மூடியின் பக்கத்தில் இருந்தது, ஏழு மாதம் முன்னாலேயே முடிந்துவிட்டது.

ராஜா அண்ணன், ஜார்ஜ்டவுன்

குணா, உங்கள் எண்ணில்தான் கலா தேடும் செய்தி இருக்கிறது, வேடிக்கையைப் பாருங்கள். தாய்லாந்துப் பதிவு எண்ணில் 1 என்றால் மூலமருந்து ஒன்று, 2 என்றால் ஒன்றுக்கு மேல். A என்றால் தாய்லாந்திலேயே செய்தது, B அங்கே மறுபடி அடைத்தது, C வெளியிலிருந்து இறக்கியது. 234 வரிசை எண். 45 பதிவான வருஷம், அவர்கள் கணக்கில் 2545. அதிலிருந்து 543-ஐக் கழித்தால் நம் 2002. ஆக உங்கள் மாத்திரை தாய்லாந்தில் செய்தது. 1C என்றிருந்தால் வெளியிலிருந்து வந்தது என்பது வரைக்கும்தான் தெரியும், எந்த நாடு என்று பெட்டியைத் தேட வேண்டும்.

ஆனால் அது MAL இல்லாத மருந்து. கிட்னியில் பிரச்சினை இருக்கிற அப்பாவாக இருந்தால் வலி மாத்திரையை டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

குணா, ஆயர் ஈத்தாம்

கிட்னி இல்லை அண்ணன், முழங்கால். இருந்தாலும் சரி, காட்டுகிறேன்.

கலா, பட்டர்வொர்த்

நேற்று போனேன். கவுண்டர் பெண் முதலில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் அவரே பெட்டியோடு வந்தார். MAL எண் முழுசாக இருந்தது, கடைசியில் A, C என்று தொடர்ந்தது. ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருந்தது. பதிவு வைத்திருப்பவர் சிலாங்கூரில் ஒரு கம்பெனி. செய்தவர் முகவரி கோவா, வெர்னா. QUEST3+ தளத்தில் அடித்தேன், பெயர், பதிவுக்காரர், செய்தவர் மூன்றும் ஒத்துப்போனது. ராஜா அண்ணன் சொன்ன C-யும் சரி, கோவாவும் சரி.

மைத்துனரிடம் படத்தைக் காட்டினேன். "அப்படியென்றால் இந்திய மருந்து, அது இன்னும் மோசம்" என்கிறார். அம்மா இப்போது சாப்பிடுகிறார், இன்று காலை 138.

இன்னும் ஒன்று. பழைய அட்டையில் மாத்திரை வெள்ளை, இதில் லேசான மஞ்சள் சாயல். அதே ஐந்து மில்லிகிராம்தான். ஏன் என்று கவுண்டரில் கேட்டால் தெரியாது என்றார்கள்.

ராஜா அண்ணன், ஜார்ஜ்டவுன்

நிறம் ஆலைக்கு ஆலை மாறும், சேர்மானப் பொருள் வேறு. ஆனால் ஈரத்தில் நிறம் மாறிப்போன மாத்திரையும் மஞ்சளாக இருக்கும், அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சாயலா, ஓரத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளியாக இருந்தால் சாப்பிடாமல், அன்றே கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் கோவா என்று இருப்பது மாத்திரையாக ஆக்கிய இடம். உள்ளே இருக்கும் அம்லோடிபின் தூள் எங்கே செய்தது என்று எந்த நாட்டுப் பெட்டியின் எண்ணிலும் தெரியாது.

மணியம், செந்தூல்

அந்தப் பெட்டியில் பார்கோட் என்ன கலா? முதல் மூன்று எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

கலா, பட்டர்வொர்த்

அதைப் படம் எடுக்கவில்லை மணியம். மாத்திரையைப் பார்த்தேன் அண்ணன், எல்லாம் ஒரே சாயல், புள்ளி இல்லை. அடுத்த மாதம் வெட்டாத முழு அட்டையாகக் கேட்டிருக்கிறேன். பத்து மாத்திரைக்கு ஒன்று என்று மூன்று அட்டை தருகிறோம், காசு மட்டும் முழுசாகக் கொடுங்கள் என்றார்கள்.