இம்பல்ஸ் கலர்: குளோஸுக்கு முன்னால் நிறம் மாறி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

வாசல்காரன்
டெய்லி சார்ட், வழக்கமான 13 இஎம்ஏ, எம்ஏசிடி 12-26-9. ஷார்ட் போகக் காத்திருந்தேன். நாள் முழுக்க பார் பச்சை, அதனால் தடை. சந்தை மூடுவதற்குச் சற்று முன்னால் விலை 100.25-க்கு இறங்கியதும் பார் சட்டென்று நீலமானது. நீலத்தில் இரண்டு பக்கமும் அனுமதி உண்டே, போட்டேன். ஸ்டாப்லாஸ் வைத்து நிமிர்வதற்குள் 100.40. குளோஸும் அங்கேதான், பாரும் மறுபடி பச்சை. இப்போது சார்ட்டைத் திறப்பவருக்கு அந்த நீலம் வந்ததற்கான சுவடே கிடையாது. பச்சைப் பார் தலையில் என் ஷார்ட் அம்புக்குறி மட்டும் குத்திக்கொண்டு நிற்கிறது.

பச்சைக்கொடி
ஹிஸ்டோகிராம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் பச்சை எப்படி வரும்? செட்டிங்கைப் பாருங்க நண்பா. நான் பச்சை வந்தாலே வாங்கிவிடுவேன், நீலத்தைத் திரும்பியே பார்ப்பதில்லை.

வாசல்காரன்
பூஜ்யத்துக்குக் கீழே என்று நான் சொல்லவே இல்லையே! ஆனால் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. முந்தைய நாள் ஹிஸ்டோகிராம் −0.10, சிக்னல் 0.70. இஎம்ஏ 12, 13, 26 மூன்றும் முறையே 100.05, 100.00, 99.45.

கணக்கர்
பச்சைக்கொடி, ஹிஸ்டோகிராம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. முந்தைய பாரைவிட ஏறியதா, இறங்கியதா, அவ்வளவுதான். பச்சை என்றால் வாங்கு என்றும் அர்த்தமில்லை. இம்பல்ஸ் முறையை உருவாக்கிய எல்டர் இதைத் தணிக்கை முறையாகத்தான் வைத்தார். பச்சை ஷார்ட்டைத் தடுக்கும், சிவப்பு வாங்குவதைத் தடுக்கும். பச்சையில் வாங்கச் சொல்லி யாரும் தூண்டவில்லை.

வாசல்காரன் சார், நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. 13 இஎம்ஏ இன்று ஏற வேண்டுமானால் விலை நேற்றைய இஎம்ஏவைவிட மேலே முடிய வேண்டும். வேறு நிபந்தனையே இல்லை. உங்களுக்கு அந்தக் கோடு 100.00. ஹிஸ்டோகிராமுக்கும் இதே மாதிரி ஒரு விலை உண்டு. இன்றைய ஹிஸ்டோகிராம் என்பது இன்றைய எம்ஏசிடியிலிருந்து நேற்றைய சிக்னலைக் கழித்து 0.8-ஆல் பெருக்கியது. அது −0.10-ஐத் தாண்ட எம்ஏசிடி 0.575-க்கு மேல் வர வேண்டும். உங்கள் 12, 26 இஎம்ஏக்களைப் போட்டுப் பார்த்தால் அதற்கான விலை சுமார் 100.30.

ஆக, 100-க்குக் கீழே முடிந்தால் இரண்டும் இறங்கும், சிவப்பு. 100 முதல் 100.30 வரை இஎம்ஏ மட்டும் ஏறும், நீலம். அதற்கு மேல் இரண்டும் ஏறும், பச்சை. 100.25-இல் ஹிஸ்டோகிராம் −0.103, 100.40-இல் −0.093. இவ்வளவு சின்ன வித்தியாசத்தில்தான் உங்கள் தடை விழுந்து எழுந்தது. நேற்றைய பார் முடிந்ததுமே இந்த இரண்டு விலையையும் எழுதி வைத்துக்கொண்டால் கலரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. விலை கோட்டை ஒட்டி நின்றால் அன்று நிறத்துக்கு மதிப்பே இல்லை.

மீனா_எஸ்
எனக்கு நடந்தது வீக்லியில். பேக்டெஸ்டில் வார நிறமும் நாள் நிறமும் சேர்ந்தே வடிகட்டினேன், நம்ப முடியாத அளவுக்கு நல்ல முடிவு. செவ்வாய்க்கிழமை எடுத்த ஒரு டிரேடை நோண்டிப் பார்த்தால், வெள்ளிக்கிழமை முடிந்த வாரப் பாரின் நிறத்தை அது செவ்வாயன்றே தெரிந்துவைத்திருந்தது! முடிந்த வாரத்தை மட்டும் எடுக்கும்படி மாற்றியதும் அந்த அழகெல்லாம் போய்விட்டது.

```
w = request.security(syminfo.tickerid, "W", niram[1], lookahead=barmerge.lookahead_on)
```

அந்த `[1]` இல்லாமல் `lookahead_on` போட்டால் கதை கந்தல்.

நிழல்
நானும் இதேதான் அனுபவித்தேன். ஹெய்கின் ஆஷி சார்ட்டில் நிறம் ரொம்ப நிதானமாக மாறுகிறது, பொய்யான மாற்றமே இல்லை. எல்லாரும் அதற்கு மாறிவிடுங்கள்.

கணக்கர்
நிழல், அது வேறு விஷயம். அந்த சார்ட்டில் குளோஸ் என்பது நான்கு விலைகளின் சராசரி. உங்கள் நிறமும் அதிலிருந்து வருகிறது, ஆர்டர் நிறைவேறுவது வேறு விலையில். மீனா மேடம் சொன்னது சரி. ஆனால் நடப்பு வாரத்தை ஒதுக்கிவிட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை பழைய நிறத்தையே நம்பியிருக்க வேண்டும். வாரத் திருப்பம் திங்களன்றே வந்தாலும் தடை வாரம் முழுக்க இருக்கும்.

மீனா_எஸ்
தாமதம் பரவாயில்லை சார், முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் ஆபத்து.

பச்சைக்கொடி
சரி, பூஜ்ய விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை ஒரே சீராக ஏறும்போது நீலம் நீலமாக வருகிறதே, அது ஏன்?

கணக்கர்
ஏற்றம் ஒரே வேகத்தில் நீடித்தால் எம்ஏசிடி ஒரு மட்டத்தில் தேங்கும், சிக்னல் அதை எட்டிப் பிடிக்கும், ஹிஸ்டோகிராம் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். இஎம்ஏ ஏறிக்கொண்டே இருந்தாலும் நிறம் நீலம்தான். ஏற்றம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாசல்காரன்
அதெல்லாம் சரி சார், என் ஷார்ட் இன்னும் திறந்தே கிடக்கிறது. பார் பச்சையில் முடிந்ததால் நாளை ஓப்பனிலேயே வெளியேறுவதா, இல்லை போடும்போது அனுமதி இருந்ததே என்று ஸ்டாப்லாஸை மட்டும் நம்புவதா?

மீனா_எஸ்
பச்சையில் ஷார்ட் வைத்திருக்கக் கூடாது. ஓப்பனிலேயே கவர் பண்ணுவேன்.

கணக்கர்
நான் ஸ்டாப்லாஸோடு விடுவேன். நாளைய கோடு எங்கே என்று முதலில் கணக்குப் போடுங்கள்.