அச்சுக்குப் போன இடத்தில் வேர்டு கோப்பு கலைந்துபோன அனுபவம் யாருக்காவது உண்டா?

தாரணி
நேற்று நடந்தது, மனசு இன்னும் ஆறவில்லை. என் மடிக்கணினியில் 62 பக்கமாக இருந்த ஆய்வறிக்கை, அச்சுக்குக் கொடுத்த இடத்தில் திறந்ததும் 66 பக்கம் ஆகிவிட்டது. முதல் இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தன. மூன்றாவதில் ஒரு பத்தியின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கியிருந்தது. அங்கிருந்து எல்லாமே சரிந்துவிட்டது. 23ஆம் பக்கம் கண்ணை விட்டுப் போகவே இல்லை: அட்டவணையின் தலைப்பு வரி மட்டும் அடியில் தனியாக நிற்கிறது, எண்களெல்லாம் அடுத்த பக்கத்தில். பொருளடக்கமோ பழைய பக்க எண்களையே காட்டுகிறது. எழுத்துருப் பெட்டியில் Aptos என்றுதான் இருந்தது, அதனால் எழுத்துரு காரணமில்லை. வேறு என்னவாக இருக்கும்?

பழைய அச்சுக்காரன்
எழுத்துருதான் காரணம். பெட்டியில் தெரியும் பெயரை நம்பாதீர்கள். கோப்பில் எழுதியிருக்கிற பெயரைத்தான் வேர்டு அங்கே காட்டும். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் சத்தமில்லாமல் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், பெயர் மட்டும் அப்படியே நிற்கும். அந்தக் கணினியில் File > Options > Advanced போய் Font Substitution பொத்தானை அழுத்தினால் எதற்குப் பதில் எது வந்திருக்கிறது என்று தெரியும். Aptos 2023இல்தான் இயல்பு எழுத்துருவாக வரத் தொடங்கியது. பழைய வேர்டு வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் இருக்காது.

வேர்டு கோப்பில் ‘இந்த வரி இங்கே முடிகிறது’ என்று எதுவும் எழுதியிருக்காது. திறக்கும்போதெல்லாம் எழுத்தின் அகலத்தைப் பார்த்து வரிகளைப் புதிதாக உடைக்கும். பதிலுக்கு வந்த எழுத்து மயிரிழை அகலமாக இருந்தால் போதும், பத்திக்கு ஒரு வரி கூடும். 62 பக்கத்துக்கு நான்கு பக்கம் கூடுவது அப்படித்தான். பிடிஎஃப்பில் ஒவ்வொரு எழுத்தும் தாளில் எந்த இடம் என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கும், எழுத்துருவும் உள்ளேயே இருக்கும். ஏற்றுமதி செய்ததும் அடோப் ரீடரில் Ctrl+D அழுத்தி Fonts பக்கத்தைப் பாருங்கள். எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் Embedded Subset என்று இருந்தால் கவலையில்லை.

குமரன்77
இதற்கு பிடிஎஃப் எதற்கு? File > Options > Save பக்கத்தில் Embed fonts in the file என்று ஒரு டிக் இருக்கிறது. நான் ஐந்து வருஷமாக அப்படித்தான் அனுப்புகிறேன், ஒரு தடவைகூட மாறவில்லை.

பழைய அச்சுக்காரன்
குமரன், எழுத்துருவை உருவாக்கியவர் அனுமதி கொடுத்திருந்தால்தான் அது உள்ளே போகும். போனாலும் வரியை உடைக்கும் வேலை அந்தக் கணினியிடம்தான். வேறு மென்பொருளில் திறந்தால் அட்டவணையும் படமும் மறுபடி நகரலாம். உங்களுக்கு மாறவில்லை என்பதை நம்புகிறேன், ஆனால் எல்லாருக்கும் அப்படி இருக்காது.

செல்வி_எம்
எனக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த அழைப்பிதழ், அந்த எழுத்துரு இல்லாத அச்சுக்கடைக் கணினியில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்ற இடத்தில் `jkpo;` என்று நின்றது. வைரஸ் என்று நினைத்துப் பென்டிரைவையே மாற்றினேன்.

நடராஜ்
பிடிஎஃப்பும் மாறும்! என் விண்ணப்பம் சின்னதாகி, சுற்றிலும் ஓரம் பெருத்து வந்தது.

பழைய அச்சுக்காரன்
நடராஜ், அது பக்க அமைப்பு மாறியதல்ல. அச்சிடும்போது Fit தேர்வாகியிருந்திருக்கும், Actual size வையுங்கள். வேர்டில் தாள் Letter என்று இருந்து அச்சு A4இல் போனாலும் இப்படி ஆகும். ஏற்றுமதிக்கு முன்பே தாளின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

மாலதி டீச்சர்
தாரணி, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். புது அத்தியாயத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ள என்டரைப் பத்து தடவை தட்டுகிறவரா நீங்கள்? என் மாணவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். மேலே ஒரு வரி கூடினால் அந்தக் காலி வரிகளும் சேர்ந்து இறங்கி, அத்தியாயத் தலைப்பு பக்கத்தின் நடுவில் போய் நிற்கும். Ctrl+Enter அழுத்தினால் தலைப்பு எப்போதும் பக்கத்தின் உச்சியில்தான் தொடங்கும். அட்டவணையின் தலைப்பு வரியைத் தேர்ந்தெடுத்து, Paragraph பெட்டியில் Keep with next போடுங்கள், அது அடுத்த வரியை விட்டுப் பிரியாது. பொருளடக்கத்தின் மேல் சொடுக்கி F9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். இதையெல்லாம் முடித்த பிறகு பிடிஎஃப் எடுங்கள், ஏனென்றால் பிடிஎஃப் தப்பையும் அப்படியே உறைய வைத்துவிடும். நான் ஒருமுறை பழைய பொருளடக்கத்தோடு எடுத்து, 40 பிரதியும் கட்டுப்போட்ட பிறகுதான் பார்த்தேன்.

தாரணி
ஆமாம் டீச்சர், என்டர்தான் தட்டியிருந்தேன். இன்று பிடிஎஃப் எடுத்துத் தோழியின் கணினியில் திறந்தேன், 62 பக்கம், 23இல் அட்டவணை முழுசாக இருக்கிறது. ஆனால் வழிகாட்டி திருத்தம் போட வேர்டு கோப்புதான் வேண்டும் என்கிறார். அவர் திருத்திச் சேமித்தால் அவர் கணினியின் பக்க அமைப்பு என் கோப்பில் ஏறிவிடுமா?

குமரன்77
டிக் போட்டு அனுப்புங்கள், ஒன்றும் ஆகாது.

பழைய அச்சுக்காரன்
அவர் திருத்திய கோப்பு திரும்பி வந்ததும் உங்கள் கணினியில் திறந்து 23ஆம் பக்கத்தை முதலில் பாருங்கள். மறுபடி பிடிஎஃப் எடுப்பது அதற்கப்புறம்தான்.