மேலாளர் சாட்டில் "பாத்துக்கோங்க" என்கிறார். ஒப்பந்தம் புதுப்பிக்காத கடிதத்தை எப்படி எழுதுவது?

தாமரைஇலை (மே 26, செவ்வாய்)

மனிதவளப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை வேலையில் சேர்க்கும் கடிதங்கள்தான் எழுதியிருக்கிறேன். இப்போது முதன்முறையாக எதிர்த்திசை. ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் வடிவமைப்பாளர் ஒருவருக்கு ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிகிறது. அவருடைய மேலாளர் நேற்று இரவு எனக்கு அனுப்பியது அப்படியே:

> டிசைனர் காண்ட்ராக்ட் முடியுதுல்ல, அதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க
> இப்போதைக்கு கன்டினியூ பண்றது கஷ்டம்
> பட்ஜெட்டும் டைட். அவரும் கொஞ்சம் ஸ்லோ
> மனசு நோகாம எழுதுங்க, கதவை மூடிடாதீங்க
> அவசரம் இல்ல, அடுத்த வாரம் அனுப்பினா போதும்

இதை வைத்து நான் எழுதியது:

> "தங்கள் பங்களிப்புக்கு நன்றி. நிறுவனத்தின் தற்போதைய சூழ்நிலையைக் கருத்தில்கொண்டு, தங்கள் ஒப்பந்தத்தை இப்போதைக்குத் தொடர்வதில் சில சிரமங்கள் உள்ளன. வருங்காலத்தில் வாய்ப்பு அமையும்போது நிச்சயம் தொடர்புகொள்வோம். தங்கள் புரிதலுக்கு நன்றி."

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு அவர் "அப்போ ஜூலை 1 அன்று நான் வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டால் கடிதத்தில் பதில் இல்லை. எங்கே திருத்துவது?

கட்டெறும்பு

முதலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மேலாளர் சாட்டில் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை போகிறது என்றால் எழுத்தில் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தாமரைஇலை

போகப்போவது என் வேலை இல்லை. கடிதம் எழுதவேண்டியவள் நான்.

கட்டெறும்பு

ஓ, வேகமாகப் படித்துவிட்டேன். ஆனாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்!

மூன்றாம் மேசை

உங்கள் நடையில் குறை இல்லை. மேலாளரின் அஞ்சு வரியில் முடிவு என்று ஒன்று இல்லை, அதனால்தான் உங்கள் கடிதத்திலும் இல்லை. "கஷ்டம்" என்று அவர் எழுதினார், நீங்கள் அதைச் "சில சிரமங்கள்" ஆக்கினீர்கள். இருட்டை இஸ்திரி போட்டு மடித்த மாதிரி.

திருத்த உட்காருவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். புதுப்பிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது? சில ஒப்பந்தங்கள் தேதி வந்தால் தானாக முடியும். சிலவற்றில், இத்தனை நாளுக்கு முன் எழுத்தில் சொல்லாவிட்டால் தானாக நீளும். "அடுத்த வாரம் போதும்" என்பது சரியா என்று அதைப் பார்த்தால்தான் தெரியும். அந்த வரியை இங்கே போடுங்கள், பெயர் எதுவும் வேண்டாம்.

தாமரைஇலை

இதோ: "புதுப்பிக்க விருப்பமில்லை என்றால், முடியும் தேதிக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் இதே நிபந்தனைகளில் மூன்று மாதம் நீடிக்கும்." இதைப் படித்ததும் கொஞ்சம் வியர்த்தது.

மூன்றாம் மேசை

வியர்க்க வேண்டியதுதான். ஜூன் 30க்கு 30 நாள் முன்னால் என்றால் மே 31. அது ஞாயிறு. ஆக உங்களுக்கு இருப்பது வெள்ளிக்கிழமை 29 வரைக்கும். மேலாளர் சொன்னபடி அடுத்த வாரம் அனுப்பினால், அவர் நினைக்காமலேயே செப்டம்பர் கடைசி வரை சம்பளம் கொடுக்கவேண்டி வரும்.

இப்போது மேலாளரிடம் "என்ன எழுதட்டும்?" என்று கேட்காதீர்கள். மறுபடியும் "நீங்களே பாத்துக்கோங்க" என்றுதான் வரும். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய மாதிரி, நீங்கள் புரிந்துகொண்டதை முழு வாக்கியமாக எழுதி அனுப்புங்கள்:

> "சார், நான் புரிந்துகொண்டது: ஒப்பந்தம் ஜூன் 30 உடன் முடிகிறது, புதுப்பிக்கவில்லை. சில மாத இடைவெளிக்குப் பின் திரும்ப எடுக்கும் திட்டம் எதுவும் இப்போது இல்லை. இதற்கு உங்கள் மேலதிகாரியின் ஒப்புதல் இருக்கிறது. காரணமாக நாம் சொல்லப்போவது ____. ஒப்பந்தப்படி 29ஆம் தேதிக்குள் கடிதம் போகவேண்டும். இதில் எது தவறு?"

கடைசிக் கேள்வி முக்கியம். "சரியா?" என்றால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். "எது தவறு?" என்றால் படித்துப் பார்ப்பார்.

நேர்வழி

இவ்வளவு ஏன் சுற்றவேண்டும்? முடியும் தேதி ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கிறது. "உங்கள் ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிகிறது, புதுப்பிக்கப்படாது" என்று ஒரே வரி. காரணம் சொல்லவே கூடாது. சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நாளைக்கு நமக்கு எதிராகத் திரும்பும். பதினைந்து வருடமாக இப்படித்தான் அனுப்புகிறோம்.

ராத்திரி ஷிப்ட்

நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன், அதனால் சொல்கிறேன். எனக்கு வந்தது தாமரைஇலை முதலில் எழுதியது போன்ற கடிதம். "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று இருந்தது. நான் அதை நம்பி இரண்டு மாதம் காத்திருந்தேன். நடுவில் வந்த இன்னொரு வேலையையும் வேண்டாம் என்று விட்டேன். பிறகு ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது, என் இடத்துக்கு ஆள் எடுத்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று. ஒற்றை வரியில் "இல்லை" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ராத்திரி மட்டும் வலித்திருக்கும்.

நேர்வழி

அதைத்தானே நானும் சொல்கிறேன், ஒற்றை வரி!

மூன்றாம் மேசை

பாதி சரி. முடிவை ஒரே வரியில் சொல்லவேண்டும் என்பது சரி. காரணத்தை எப்போதும் விடவேண்டும் என்பதுதான் இடிக்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவதையே பணிநீக்கத்தின் ஒரு வகையாகச் சட்டம் பார்க்கிறது. அங்கே காரணம் பிறகு கேள்விக்கு வரலாம். அதனால் உங்கள் ஊர் விதியை அலுவலகத்தின் சட்ட ஆலோசகரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. காரணம் சொல்வதானால் ஒன்றே ஒன்று, உண்மையானது, பிறகு பொய்யாகிவிடாதது. "பட்ஜெட்" என்று எழுதிவிட்டு ஜூலையில் அதே வேலைக்கு விளம்பரம் கொடுத்தால், கடிதமே சாட்சியாகிவிடும்.

"ஸ்லோ" என்பதை இந்தக் கடிதத்தில் தொடவே வேண்டாம். ஒரு வருடத்தில் அவரிடம் அதை யாராவது எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா? இல்லை என்றால், போகும்போது முதல்முறையாகச் சொல்வது அவருக்குப் பதில் சொல்ல இடமில்லாத குற்றச்சாட்டு.

தாமரைஇலை (மே 27)

நீங்கள் சொன்ன மாதிரியே அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது, அதுவும் எண் போட்டு! ஒப்புதல் இருக்கிறது. திரும்ப எடுக்கும் திட்டம் இல்லை. "கதவை மூடிடாதீங்க" என்றது சும்மா ஆறுதலுக்காம். பட்ஜெட்டும் உண்மையில் வெட்டப்படவில்லை. ஜூலையிலிருந்து வடிவமைப்பு வேலையை நிரந்தரக் குழுவில் இருக்கும் இருவரே எடுத்துக்கொள்கிறார்கள். "ஸ்லோ" பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "நேரா சொன்னதில்ல" என்கிறார்.

புதிதாக எழுதியது இது. தயங்காமல் கிழியுங்கள்:

> பொருள்: ஜூன் 30 அன்று முடியும் உங்கள் ஒப்பந்தம்
>
> வணக்கம்.
>
> உங்கள் ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிகிறது. அதை நாங்கள் புதுப்பிக்கவில்லை. ஜூன் 30 உங்கள் கடைசி வேலை நாள்.
>
> ஜூலை முதல் வடிவமைப்பு வேலைகளை எங்கள் நிரந்தரக் குழு ஏற்கிறது. அதனால் இந்தப் பணியிடம் தொடரவில்லை.
>
> ஜூன் 30 வரையான சம்பளமும், மீதமிருக்கும் 9 நாள் விடுப்புக்கான தொகையும் ஜூலை 7க்குள் உங்கள் கணக்கில் சேரும். விடுப்பை ஜூனிலேயே எடுக்க விரும்பினால், ஜூன் 5க்குள் சொல்லுங்கள். அனுபவச் சான்றிதழ் கடைசி நாளன்று கையில் தரப்படும். மடிக்கணினியையும் நுழைவு அட்டையையும் அன்று மாலை என்னிடம் கொடுத்தால் போதும்.
>
> முடிக்க வேண்டிய வேலைகள் பற்றி உங்கள் மேலாளர் தனியாகப் பேசுவார்.
>
> கடந்த ஓராண்டில் மூன்று தயாரிப்புகளின் திரைகளை நீங்கள் முழுமையாக வடிவமைத்துத் தந்தீர்கள். அதற்கு நன்றி. கேள்வி எதுவானாலும் என்னை நேரடியாக அழையுங்கள்.

மூன்றாம் மேசை

நன்றாக வந்திருக்கிறது. முதல் பத்தியை மட்டும் படித்தாலே ஜூலை 1 கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. நன்றி வரியும் பொதுவாக இல்லாமல் அவர் செய்த வேலையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்த மூன்று தயாரிப்புகள் சரியா என்று மட்டும் மேலாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தவறான பாராட்டைவிட மோசமானது இல்லை.

ஒரு திருத்தம். "இந்தப் பணியிடம் தொடரவில்லை" என்பதை எடுத்துவிடலாம். நாளைக்கு அந்த இருவரில் ஒருவர் விலகினால் இதே இடத்துக்கு ஆள் தேடுவீர்கள். வேலை நிரந்தரக் குழுவுக்குப் போகிறது என்பதுவரை இன்றைக்கு உண்மை. அதோடு நிறுத்துங்கள்.

அப்புறம், இதை அனுப்பும் முன் மேலாளர் அவரை நேரில் கூப்பிட்டுச் சொல்லட்டும். கால் மணி நேரம் போதும். பேசி முடித்த உடனே கடிதம் போகட்டும்.

நேர்வழி

மேலாளர் நேரில் பேசினால் "கதவு திறந்துதான் இருக்கு" என்று சொல்லிவிடுவாரே. கடிதத்தில் மூடியதை வாயில் திறந்துவிடுவார். நான் கடிதத்தை மட்டும் நம்புவேன்.

மூன்றாம் மேசை

அந்தப் பயம் நியாயம்தான். தாமரைஇலையும் அந்த அறையில் இருக்கட்டும், முதல் வரியை மட்டும் மேலாளர் மனப்பாடம் செய்து சொல்லட்டும்.

ராத்திரி ஷிப்ட்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மட்டும் வேண்டாம். கேள்வி எழும்போது அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது.

தாமரைஇலை (மே 28)

இன்று காலை பதினோரு மணிக்குப் பேசினோம். கடிதம் 11.40க்குப் போனது, பெற்றுக்கொண்டதாக அவரும் பதில் அனுப்பிவிட்டார். மேலாளர் முதல் வரியைச் சரியாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் திணறினார், ஆனால் கதவைப் பற்றிப் பேசவில்லை.

அவர் கேட்டது இரண்டு. விடுப்பை ஜூன் கடைசியில் எடுத்துக்கொள்ளலாமா என்பது ஒன்று, அது எளிது. இன்னொன்று, "என் வேலையில் ஏதாவது குறை இருந்ததா?" மேலாளர் என் முகத்தைப் பார்த்தார். "முடிவுக்குக் காரணம் குழு மாற்றம்தான். வேலையைப் பற்றி நீங்கள் இருவரும் தனியாக ஒருநாள் பேசலாம்" என்று நான் சொன்னேன். அந்தப் பேச்சை அடுத்த வாரம் வைத்திருக்கிறோம். "ஸ்லோ" என்பதை அங்கே சொல்லவேண்டுமா, விட்டுவிடலாமா என்று மேலாளர் இப்போது என்னைக் கேட்கிறார்.

நேர்வழி

விட்டுவிடச் சொல்லுங்கள்.

ராத்திரி ஷிப்ட்

நான் அவராக இருந்தால் தெரிந்துகொள்ளவே விரும்புவேன். ஆனால் "ஸ்லோ" என்று இல்லை. எந்த வேலை, எத்தனை நாள் தாமதம் என்று.