கலைச்சொல் விவாதம்: நால்வர் போனார்கள், ஒருவர் குத்தினார். அந்த எண்ணத்துக்கு என்ன பெயர்?

கயல்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். இலவச சட்ட உதவி தேடி வருகிறவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். பலர் சேர்ந்து செய்த குற்றச் செயலுக்கு ஒவ்வொருவரையும் பொறுப்பாக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5), அதில் வரும் 'காமன் இன்டென்ஷன்' என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். போலீஸ் ஆவணங்களில் 'பொது உள்நோக்கம்' என்று பார்க்கிறேன். 'பொதுக் கருத்து' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதைப் படித்தால் ஊர் மக்களின் அபிப்பிராயம் என்றுதான் தோன்றுகிறது. 'பொது நோக்கம்' என்றால் சட்டவிரோதக் கூட்டம் பற்றிய 149-ஆம் பிரிவோடு குழம்புகிறது.

எந்தச் சொல்லை வைத்தாலும் கீழே உள்ள சம்பவத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க நினைக்கிறேன். நிலத் தகராறில் ஒருவரை அடித்து மிரட்டுவதற்காக நான்கு பேர் இரவில் வேனில் போகிறார்கள். வேனை ஓட்டியவர் இன்ஜினை அணைக்காமல் தெருமுனையில் காத்திருக்கிறார். இன்னொருவர் வாசல் கேட்டை மூடிக்கொண்டு நிற்கிறார். மற்ற இருவரும் கம்போடு உள்ளே போகிறார்கள். அடி விழும்போது வீட்டுக்காரரின் தம்பி குறுக்கே வருகிறார். கம்புக்காரர்களில் ஒருவர் இடுப்பிலிருந்து கத்தியை உருவி அவர் வயிற்றில் குத்துகிறார். தம்பி இறந்துவிடுகிறார்.

கொலைக்கு யார் யார் பொறுப்பு? அந்தப் பொறுப்புக்குக் காரணமான எண்ணத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இராமநாதன் எழுதியது:

'ஒத்த எண்ணம்' என்று வையுங்கள் அம்மா. எளிய சொல், யாருக்கும் புரியும். பொருளும் சரியாக வருகிறது. நான்கு பேருக்கும் அந்த வீட்டுக்காரர் மேல் ஒரே பகை, ஒரே வேனில் ஒரே வேலைக்குப் போனார்கள். ஒருவன் குத்தினால் நால்வரும் குத்தியதாகவே சட்டம் பார்க்கும். பிரிவே அப்படித்தான் சொல்கிறது, 'தனியே தானே செய்தது போல' என்று. நான்கு பேருக்கும் கொலைக் குற்றம்தான்.

தமிழரசி எழுதியது:

இராமநாதன் ஐயா பிரிவின் பின்பாதியைச் சரியாகச் சொன்னார். முன்பாதியை விட்டுவிட்டார். 'எல்லோருடைய பொதுவான எண்ணத்தை நிறைவேற்றும் வகையில்' செய்த செயலாக இருக்க வேண்டும் என்பது அந்த முன்பாதி. அது சட்டம் இயற்றிய 1860-இல் இல்லை, 1870-இல்தான் சேர்த்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட எதிரிகளின் பக்கம் வாதாடுகிறவள் என்பதால் எனக்கு அந்தச் சில சொற்கள்தான் முக்கியம்.

'ஒத்த எண்ணம்' இங்கே கூடவே கூடாது. 1945-இல், அன்றைக்கு நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் மெஹபூப் ஷா வழக்கில் விலக்கி வைத்ததே அதைத்தான். சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டியதில் தகராறு. நாணல் கட்டுகளைப் பிடுங்கப் போன ஒருவர் அடிபட்டுக் கூச்சல் போடுகிறார். அவரைக் காப்பாற்ற வலி ஷா, மெஹபூப் ஷா இருவரும் துப்பாக்கியோடு வருகிறார்கள். வலி ஷா சுட்டதில் ஒருவர் இறந்தார். மெஹபூப் ஷா சுட்டது வேறொருவரை, அவருக்குக் காயம்தான். லாகூர் உயர் நீதிமன்றம் மெஹபூப் ஷாவுக்கும் கொலைக் குற்றத்தில் விதித்த மரண தண்டனையை உறுதி செய்தது. பிரிவி கவுன்சில் அந்தக் கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. இருவருக்கும் ஒரே மாதிரி எண்ணம் இருந்திருக்கலாம், ஆனால் கொல்வது என்று இருவரும் சேர்ந்து தீர்மானித்ததற்குச் சான்று இல்லை என்றது. சேர்ந்து எண்ணியது ஏதாவது இருந்தால், அடிபட்டவரைக் காப்பாற்றுவது மட்டும்தான். கையேட்டில் 'ஒத்த எண்ணம்' என்று போட்டால், மெஹபூப் ஷாவைத் தூக்கில் போடும் சட்டத்தை எழுதியதாக ஆகும்.

இப்போது கயல்விழியின் நால்வர். வெறுமனே 'சேர்ந்து போனார்களா' என்று கேட்டால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். எந்தச் செயலைச் செய்யச் சேர்ந்தார்கள், அது எந்த நேரத்தில் எதுவாக மாறியது என்று பார்க்க வேண்டும்.

அடிப்பது நால்வரின் திட்டம். அதனால் அடித்த குற்றத்துக்கும், வீட்டுக்குள் அத்துமீறியதற்கும் நால்வரும் பொறுப்பு. வேன் ஓட்டியவர் கம்பைத் தொடவே இல்லை என்பது உதவாது. காத்திருப்பதும் கேட்டை மூடுவதும் அந்த வேலையின் பகுதிகள்.

கத்தி வேறு விஷயம். அது இடுப்பில் இருந்தது மற்றவர்களுக்குத் தெரியுமா? வேனில் எல்லோர் கண்ணிலும் பட்டதா? கிளம்பும் முன் 'குறுக்கே எவன் வந்தாலும் முடிச்சிடு' என்று யாராவது சொன்னார்களா? இதெல்லாம் இல்லையென்றால், கத்தி ஒருவருடைய தனி எண்ணமாகவே நிற்கும்.

இரண்டாவது கம்புக்காரர் விஷயத்தில்தான் வழக்கு சூடு பிடிக்கும். சேர்ந்த எண்ணம் முன்கூட்டியே பேசி வைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சம்பவ இடத்திலேயே உருவாகலாம் என்று ரிஷிதேவ் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1955-இல் சொல்லிவிட்டது. கத்தி வெளியே வந்த பிறகு அவர் தம்பியின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவருக்கும் கொலைக் குற்றம் வரும். கத்தி தெரிவதற்கு முன்பே, அடிப்பதற்காகப் பிடித்திருந்து, அந்த நொடியில் குத்து விழுந்திருந்தால் வருவது கடினம். இது சில விநாடி வித்தியாசம். அதனால்தான் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இறந்தவரின் உள்ளங்கையையும் முன்கையையும் முதலில் பார்ப்பேன். கத்தியைத் தடுத்த வெட்டுக் காயங்கள் அங்கே இருந்தால், 'இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்' என்ற சாட்சியம் ஆட்டம் காணும்.

கேட்டில் நின்றவர், 'ஐயோ குத்திட்டான்' என்ற சத்தம் கேட்ட பிறகும் அக்கம்பக்கத்தாரை உள்ளே விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன குத்துக்கு அது புதிதாக எண்ணத்தை உண்டாக்காது. ஆனால் 'இதற்கு முன்பே இவருக்குத் தெரியும்' என்று காட்ட அரசுத் தரப்பு அதைப் பயன்படுத்தும். எல்லோரும் ஒன்றாக ஓடியதும் அப்படித்தான். தனியாக நிற்காது, மற்ற சான்றுகளோடு சேர்ந்தால் எடை உண்டு.

சேகர் எழுதியது:

தமிழரசி அம்மா, என் அக்கா மகன் ஒரு அடிதடி வழக்கில் ஐந்தாம் எதிரி. சத்தம் கேட்டு ஓடிப்போய் விலக்கிவிட்டான், அவ்வளவுதான். அவனையும் 'பொது உள்நோக்கத்துடன்' என்று எழுதிவிட்டார்கள். கத்தியும் கிடையாது, கொலையும் கிடையாது. இந்தச் சொல்லை மாற்றினால் அவன் பெயர் வெளியே வருமா?

தமிழரசி எழுதியது:

சேகர், சொல்லை மாற்றுவதால் வழக்கு மாறாது. பெயர் எழுதிய வரியைவிட, சாட்சிகள் அவன் என்ன செய்தான் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். குற்றப்பத்திரிகையோடு கொடுத்த சாட்சி வாக்குமூலங்களின் நகல் வக்கீலிடம் இருக்கும். 'இன்னார் கம்பால் தலையில் அடித்தார், இன்னார் காலில் அடித்தார்' என்று மற்றவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, உங்கள் பையனைப் பற்றி 'கூட இருந்தார்' என்று மட்டும் இருந்தால் அது அவனுக்கு நல்லது. அங்கே இருந்தது மட்டுமே சேர்ந்து எண்ணியதாகாது.

ஆனால் உங்கள் கணக்கில் எதிரிகள் ஐந்து பேர். சட்டவிரோதக் கூட்டம் என்ற பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாதம் வேறு.

கயல்விழி எழுதியது:

ஐந்து என்றதும் ஏன் மாறுகிறது? என் சம்பவத்தில் ஒருவரைக் கூட்டிவிட்டால் வேன் ஓட்டியவர் கதி என்ன?

தமிழரசி எழுதியது:

ஐந்து அல்லது அதற்கு மேல் சேர்ந்து, சட்டம் சொல்லும் தவறான நோக்கங்களில் ஒன்றுக்காக நின்றால் அது சட்டவிரோதக் கூட்டம். பழைய 149, புதிய 190. அங்கே சேர்ந்து எண்ணியதை நிரூபிக்கத் தேவையில்லை. கூட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றும்போது இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று அந்த உறுப்பினருக்குத் தெரிந்திருந்தாலே போதும். அடிக்கத்தான் போனோம் என்று வேன்காரர் சொல்லலாம். கத்தி இருப்பது தெரிந்தே ஓட்டினார் என்றால், 3(5)-இல் தப்பிக்க இடமிருக்கும் அதே மனிதர் 190-இல் சிக்கிக்கொள்ளலாம்.

வெளியே நின்றவருக்கு 3(5) வரவே வராது என்று யாரும் நினைக்கக்கூடாது. 1923-இல் கல்கத்தாவில் சங்கரிடோலா தபால் நிலையத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்த தபால் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். நான் வெளியே முற்றத்தில்தான் நின்றேன் என்றார் பரேந்திர குமார் கோஷ். பிரிவி கவுன்சில் அவருடைய கொலைத் தீர்ப்பை உறுதி செய்தது. அங்கே துப்பாக்கியோடுதான் கொள்ளைக்கு வந்தார்கள், அவரிடமும் துப்பாக்கி இருந்தது. நம் வேன்காரருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். எங்கே நின்றார் என்பது அல்ல.

இராமநாதன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் அம்மா, 'ஒத்த' போகட்டும். 'ஒருமித்த எண்ணம்' எப்படி? ஒத்திருப்பது தற்செயலாக நடக்கலாம். ஒருமிப்பது மனங்கள் கூடினால்தான் நடக்கும். கூடுவதற்கு நாள் கணக்கும் வேண்டாம், நொடியிலும் ஒருமிக்கலாம். நீங்கள் சொன்ன ரிஷிதேவ் பாண்டே வழக்குக்கும் பொருந்தும். 'பொது நோக்கம்' என்பதை 190-க்கு விட்டுவிடலாம்.

இன்னொன்று. 'ஜாயின்ட் லயபிலிட்டி'க்கு எல்லோரும் எழுதும் 'கூட்டுப் பொறுப்பு' எனக்கு உறுத்துகிறது. பங்குபோட்டுக்கொள்வது போல இருக்கிறது. கொலையில் கால் பங்கு என்று ஒன்று கிடையாதே. 'தனித்தனி முழுப்பொறுப்பு' என்றால் என்ன?

கயல்விழி எழுதியது:

'ஒருமித்த எண்ணம்' எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா. சம்பவத்தில் வைத்துப் பார்த்தேன். 'கத்தி வெளியே வந்த பிறகு கைகளைப் பிடித்தபோது இருவருக்கும் ஒருமித்த எண்ணம் உண்டானது' என்று எழுத முடிகிறது. 'பொதுக் கருத்து உண்டானது' என்று எழுத முடியாது.

'தனித்தனி முழுப்பொறுப்பு' பற்றிச் சந்தேகம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே தண்டனை என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்களோ?

தமிழரசி எழுதியது:

எடுத்துக்கொள்வார்கள். குற்றம் ஒன்றானாலும் தண்டனை அளவை நீதிபதி ஆளுக்கு ஏற்ப வைக்கலாம். அதோடு ஒரே செயலில் சேர்ந்தவர்கள் வேறு வேறு குற்றத்துக்குப் பொறுப்பாவதும் உண்டு. பழைய 38-ஆம் பிரிவு அதற்குத்தான். கடுமையான ஆத்திரமூட்டலில் தாக்கியவருக்குக் கொலை அல்லாத மரணம் விளைவித்த குற்றம், பழைய பகையில் அவரோடு சேர்ந்து தாக்கியவருக்குக் கொலை என்று பிரியலாம். 'முழு' என்ற சொல் அதை மறைத்துவிடும். என்னிடமும் இதைவிட நல்ல சொல் இல்லை. 'கூட்டுப் பொறுப்பு' என்றே வைத்து, ஒருவர் செய்ததற்கு மற்றவர் தானே செய்தது போலப் பொறுப்பாவார் என்று கீழே ஒரு வாக்கியம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

'ஒருமித்த எண்ணம்' என்று எழுதும்போது, முதல் முறை மட்டும் 'போலீஸ் ஆவணங்களில் பொது உள்நோக்கம் என்று வரும்' என்பதையும் சேருங்கள் கயல்விழி. சேகரின் அக்கா மகன் போன்றவர்கள் கையில் வைத்திருக்கும் காகிதத்தில் அந்தச் சொல்தான் இருக்கும்.

சேகர் எழுதியது:

வக்கீலிடம் கேட்டேன். சாட்சிகள் இரண்டு பேர் 'கூட இருந்தார்' என்கிறார்கள், மூன்றாவது ஆள் 'சட்டையைப் பிடித்து இழுத்தார்' என்கிறார். விலக்கிவிடும்போது இழுத்திருப்பான். அதை எப்படிக் காட்டுவது?

தமிழரசி எழுதியது:

யாருடைய சட்டையை இழுத்தான் என்று வாக்குமூலத்தில் இருக்கிறதா பாருங்கள். அடிபட்டவர் சட்டையா, அடித்தவர் சட்டையா. அது எழுதப்படாமல் இருந்தால் குறுக்கு விசாரணையில் கேட்பதா, கேட்காமல் விடுவதா என்பதை உங்கள் வக்கீல் அந்தச் சாட்சியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.