கொடைக்கானல் கடைக்கான தொழில் கடன்: மழை மாதங்களில் தவணையைக் குறைக்கக் கேட்பது எப்படி?

கேட்பவர் (நாயுடுபுரம்):
வணக்கம். வீட்டுத் தயாரிப்பு சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விற்கும் சிறு கடை நடத்துகிறேன். இயந்திரங்களுக்காக வாங்கிய கடனில் இன்னும் 8 லட்சம் ரூபாய் நிலுவை உள்ளது. வட்டி 12 சதவீதம், மீதம் 36 மாதங்கள், மாதத் தவணை சுமார் 26,570 ரூபாய். ஏப்ரல், மே சீசனில் வந்த பணம் சரக்குக் கடனுக்கும் கூலிக்கும் போய்விட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழையில் ஆள் நடமாட்டமே குறைந்துவிடும். இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. அந்த மூன்று மாதங்களுக்கு விடுப்பு கேட்டால் வங்கி தருமா? எப்படி எழுதிக் கேட்க வேண்டும்?

மறுமொழி 1 (பழனி):
அண்ணா, கவலைப்படாதீர்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது போல ஒரு விண்ணப்பம் கொடுத்தால் ஆறு மாதம் வரை தவணை கட்டத் தேவையில்லை. சிபில் மதிப்பெண்ணும் பாதிக்கப்படாது.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திண்டுக்கல்):
தம்பி பழனி சொல்வது அந்த ஆண்டுக்குச் சரி. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொரோனாவுக்காகத் தரப்பட்ட அந்தச் சலுகை இப்போது இல்லை. இன்று கேட்பது உங்கள் ஒருவருடைய கணக்குக்கான மறுசீரமைப்பு. பணநெருக்கடி காரணமாகத் தவணையையோ காலத்தையோ மாற்றினால், ஒழுங்காக இருந்த கணக்கையும் வங்கி பொதுவாகத் தரம் இறக்க வேண்டியிருக்கும். சிபில் அறிக்கையிலும் அது பதிவாகும். அடுத்த ஓராண்டுக்குள் புதிய கடன் தேவைப்படுமா என்று முதலில் யோசியுங்கள்.

அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். தவணை தவறிய நாளிலிருந்தே கணக்கு கவனிப்புப் பட்டியலில் ஏறும். நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் வாராக்கடன். அதற்கு முன்பே கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சிறு, குறு நிறுவனங்களின் மீட்புக்காக ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்ட வழிமுறையின்படி, நெருக்கடி வரும் என்று தோன்றினால் கடன் வாங்கியவரே விண்ணப்பிக்கலாம். கடன் 10 லட்சத்துக்குள் இருந்தால் கிளை அளவிலேயே பரிசீலிப்பார்கள். அதற்கு மேல் என்றால் அதற்கான குழுவுக்குப் போகும். உத்யம் பதிவுச் சான்றிதழையும் இணையுங்கள்.

முழு விடுப்புக் கேட்காமல், மூன்று மாதமும் வட்டியை மட்டும் கட்ட அனுமதி கேளுங்கள். உங்கள் கணக்கில் மாத வட்டி 8,000 ரூபாய். அதைக் கட்டினால் அசல் 8 லட்சத்திலேயே நிற்கும். பழைய தேதியிலேயே கடன் முடிய, அக்டோபரிலிருந்து 33 மாதங்களுக்குத் தவணை சுமார் 28,580. முழு விடுப்பில் வட்டி அசலோடு சேர்ந்து 8,24,240 ஆகும். அதே காலத்துக்குள் முடிக்க மாதம் சுமார் 29,450 கட்ட வேண்டும். வட்டியாவது வருகிறது என்பது மேலாளர் தன் மேலிடத்துக்கு எழுதவும் எளிது.

மறுமொழி 3 (பூம்பாறை):
எனக்கும் மழையில் பூண்டு அழுகிவிட்டது. பயிர்க்கடனை மாற்றித் தருவார்களா, ஐயா?

மறுமொழி 2:
உங்களுடையது வேறு வழி. அரசு பேரிடர் பாதிப்பென அறிவித்த பகுதிக்குத் தனி நிவாரண விதிகள் உண்டு. தனி இழையில் கேளுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

கேட்பவர்:
நன்றி ஐயா. கடிதத்தில் கொடைக்கானல் வரும் சுற்றுலா வாகனங்களுக்கான இ-பாஸைக் காரணமாகச் சொல்லலாமா? 2024 மே 7 முதல் அது நடப்பில் இருக்கிறது.

மறுமொழி 2:
ஒரு வரியில் சொல்லலாம். ஆனால் மலைக்கே பொதுவான காரணத்தை வைத்து எந்த மேலாளரும் முடிவெடுக்க மாட்டார். கடந்த இரண்டு ஆண்டுகளின் மாதவாரி விற்பனை, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், கடையின் நடப்புக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை வைத்து, மழையில் எவ்வளவு சரிகிறது, அக்டோபரில் பூஜை விடுமுறையோடு எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுங்கள். எந்த மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்பதை நீங்களே அட்டவணையாகத் தாருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை தானியங்கிப் பிடித்தம் நிற்காது; கணக்கில் பணம் இல்லாவிட்டால் திரும்பும், அபராதமும் விழும்.

மறுமொழி 4 (கடைக்காரர், ஊட்டி):
நான் மறுசீரமைப்புக்கே போகவில்லை. சீசனில் மூன்று தவணைப் பணத்தைக் கூடுதலாகக் கடன் கணக்கில் போட்டேன். ஆனால் வங்கி அதை அசலில் கழித்துவிட்டு ஜூலையில் வழக்கம்போல் தவணை பிடித்தது. பிறகுதான் தெரிந்தது, “முன்கூட்டிய தவணையாக வரவு வைக்கவும்” என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம்.

மறுமொழி 2:
இதை எல்லா வங்கியும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. அடுத்த சீசனுக்கு முன் உங்கள் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பவர்:
வட்டி மட்டும் கட்டும் கோரிக்கையோடு திங்கட்கிழமை மேலாளரைப் பார்க்கிறேன். என் அண்ணன்தான் ஜாமீன். அவரும் கையெழுத்திட வேண்டியிருக்குமா?

மறுமொழி 2:
திருத்திய ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் கேட்பார்கள். அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.