துணிக்கடை வேலை, பீரியட்ஸ் இரண்டாம் நாள் தாங்கவில்லை: மென்ஸ்ட்ருவல் கப்பும் கசிகிறது, என்ன செய்யலாம்?

தக்கலைக்காரி
நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலையில் ஏழரைக்கு வீட்டை விட்டால் திரும்ப ராத்திரி ஒன்பதாகிவிடும். பாத்ரூம் போக மதியச் சாப்பாட்டு நேரம், சாயங்கால டீ நேரம், அவ்வளவுதான். நடுவில் போனால் சூப்பர்வைசர் முகம் மாறும்.

பீரியட்ஸ் இரண்டாம் நாளில் எக்ஸ்எல் பேட் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. கட்டி கட்டியாகவும் போகும். அதனால் கப் வாங்கினேன், 25 மி.லி. என்று போட்டிருக்கிறது. அதுவும் பத்து, பத்தரைக்கெல்லாம் கசிகிறது. கப்பை விட்டுவிட்டு டேம்பான் போகலாமா, பீரியட் ஜட்டி நல்லதா? இரண்டு பிள்ளைகள் உண்டு, வயது 31.

மழைக்காதலி
நான் பீரியட் ஜட்டி கட்சி. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கச் சென்னைக்குப் போவேன், ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் ஒன்று, நம்ம ஊரில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஜட்டி காய இரண்டு நாள் ஆகும். நாலைந்தாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குளச்சல் மினி
பெரிய சைஸ் கப் வாங்குங்க அக்கா. பிள்ளை பெற்றவங்க எல்லாம் பெரிய சைஸ்தான் போடணும். சின்னது போட்டால் கசியத்தான் செய்யும்.

வார்டு சிஸ்டர்
கப்பை மாற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். கசிந்த பிறகு கப்பைக் கழற்றும்போது உள்ளே எவ்வளவு இருந்தது? பாதிகூட இல்லாமல் பேட் நனைந்திருந்தால் கப் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். விளிம்பு வரை நிறைந்திருந்தால் கப் தன் வேலையைச் செய்திருக்கிறது, இரத்தப்போக்குதான் அதற்கு மேல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மினி சொல்வதில் பாதி சரி. பெரிய கப் அதிகம் கொள்ளும். ஆனால் கருப்பை வாய் தாழ்ந்து இருப்பவர்களுக்கு நீளமான கப் இடிக்கும், முழுதாக விரியாது, இன்னும் மோசமாகக் கசியும். பீரியட்ஸ் நேரத்தில் கையைக் கழுவிவிட்டு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். மூக்கு நுனி போல உருண்டையாகத் தட்டுப்படும். விரலின் முதல் கணுவிலேயே தட்டினால் தாழ்வு, கட்டையான கப்தான் சரிவரும்.

ஜட்டியைப் பற்றி: 2023இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வில், பேட், கப், ஜட்டி எல்லாம் எவ்வளவு கொள்ளும் என்று தண்ணீருக்குப் பதிலாக நிஜ இரத்தத்தையே விட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் குறைவாகக் கொண்டது பீரியட் ஜட்டிதான், சராசரி 2 மி.லி. மழைக்காதலிக்குப் போக்கு குறைவாக இருக்கும், அதனால் போதுகிறது. உங்களுக்கு அது கப்புக்குக் காவலாக மட்டுமே ஆகும்.

தக்கலைக்காரி
பார்த்தேன் சிஸ்டர். இந்த மாதம் முதலில் போட்டபோது கால்வாசிதான் இருந்தது, ஆனால் பேட் நனைந்துவிட்டது. நான் 'C' மாதிரி மடித்துத்தான் விடுவேன்.

வார்டு சிஸ்டர்
அப்படியானால் அது விரியாத கேஸ். விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் கப்புக்குள்ளே அமுக்கி விடுங்கள், நுனி கூராகிவிடும், உள்ளே போனதும் பட்டென்று விரியும். நேராக மேலே தள்ளாமல் முதுகுப் பக்கம் சாய்த்து விடுங்கள். பிறகு அடிப்பக்கத்தைச் சுற்றி விரலால் தடவினால் எங்கும் மடிப்பு தட்டக்கூடாது. கருப்பை வாய் கப்புக்கு உள்ளே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்தில் ஒதுங்கியிருந்தால் கப் காலியாகவே இருக்கும், இரத்தம் வெளியே போகும். விளிம்புக்குக் கீழே உள்ள சின்னத் துளைகள் அடைத்திருந்தாலும் பிடிப்பு வராது. தண்ணீர் நிரப்பி, உள்ளங்கையால் மூடி அமுக்கினால் துளை வழியாகப் பீச்சும், சுத்தமாகிவிடும்.

தக்கலைக்காரி
அமுக்கி மடித்ததும் நன்றாக விரிந்தது. ஆனால் ஏழு மணிக்குப் போட்டதை ஒரு மணிக்கு எடுத்தால் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது, பேடிலும் கொஞ்சம். கடை பாத்ரூமில் ஒரு பக்கெட், ஒரு மக், வாஷ்பேசின் வெளியே. எப்படிக் கழுவுவது?

வார்டு சிஸ்டர்
வெளியே சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். அரை லிட்டர் குடிதண்ணீர் பாட்டில் கொண்டு போய் அதில் அலசுங்கள், பக்கெட் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் இல்லாத நாளில் டிஷ்யூவால் துடைத்து மறுபடி போடலாம், ராத்திரி வீட்டில் நன்றாகக் கழுவினால் சரி.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் 25 மி.லி.க்கு மேல். மொத்தப் பீரியட்ஸுக்கும் சேர்த்தே 80 மி.லி. தாண்டினால் அதிகப் போக்கு என்கிறோம். நீங்கள் இரண்டாம் நாளிலேயே அதை நெருங்குகிறீர்கள். இது எப்போதிலிருந்து? காப்பர் டி போட்டிருக்கிறீர்களா?

தக்கலைக்காரி
இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு போட்டது. அதற்கு அப்புறம்தான் இப்படி. எல்லோருக்கும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வார்டு சிஸ்டர்
அதை முதலிலேயே நான் கேட்டிருக்கலாம். காப்பர் டி போக்கைக் கூட்டும். அதோடு கப்பை வெடுக்கென்று இழுத்தால் காப்பர் டியின் நூல் சேர்ந்து வந்தோ, கப்பின் உறிஞ்சும் பிடிப்பாலோ காப்பர் டி இடம் மாறிவிடலாம். கப் போடுகிறவர்களுக்குக் காப்பர் டி வெளியே வருவது கூடுதலா என்பதில் ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை, ஆனால் நூலைப் பார்க்கும் வரை கப்பை நிறுத்திவையுங்கள். நூல் வழக்கத்தைவிட நீளமாகத் தட்டினாலும் தட்டாமலே போனாலும் டாக்டரிடம் காட்டும் முன்பு கணவரோடு சேர வேண்டாம், கர்ப்பம் தங்கிவிடலாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மகளிர் ஓ.பி.யில் காட்டலாம். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவரை கடைக்கு: இரண்டாம் நாள் மட்டும் சூப்பர் டேம்பான், மேலே பேட். கழற்றும்போது டேம்பான் கயிற்றை மட்டும் பிடியுங்கள். உங்களுக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் நிறைந்துவிடும், டீ நேரத்திலும் மாற்றத்தான் வேண்டும். எட்டு மணி நேரம் தாண்டவே கூடாது. போக்கு குறைந்த நாளில் போடாதீர்கள். போட்டிருக்கும்போது திடீரென்று காய்ச்சல், வாந்தி, மயக்கம், தோல் சிவப்பு வந்தால் உடனே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து.

ரப்பர்தோட்டம்
கல்யாணமாகாத பொண்ணு கப் போடலாமா? என் மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

வார்டு சிஸ்டர்
போடலாம், சின்ன சைஸ். ஆனால் அவளே விரும்பினால்தான். வலித்தால் வற்புறுத்த வேண்டாம்.

குளச்சல் மினி
2021லேயே கடையில் வேலை செய்றவங்களுக்கு உட்கார ஸ்டூல் போடணும்னு தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு அக்கா. பாத்ரூம் போகவும் கேட்டு வாங்குங்க.

தக்கலைக்காரி
ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் விடமாட்டார்கள்.

காட்டிவிட்டு வந்தேன். நூல் சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.1. இரும்பு மாத்திரையும், போக்கு அதிகமான நாட்களுக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் தந்தார்கள். குறையாவிட்டால் காப்பர் டியை எடுத்துவிட்டு கருப்பைக்குள் ஹார்மோன் வளையம் போடலாம் என்கிறார் டாக்டர், அது போக்கையே குறைக்குமாம். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார், நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கப் போடுவதானால் அடியை நெரித்துப் பிடிப்பை விட்ட பிறகே எடுக்க வேண்டும் என்றார். மாத்திரை போட்ட பிறகு இரண்டாம் நாளில் கப் எத்தனை மணி வரை தாங்குகிறது என்று அடுத்த மாதம் சொல்கிறேன்.